இந்தக் கம்பனியின் சரக்கு யாரிடம் ஈடு வைக்கப்பட்டிருக்கிறது?

பழைய சோனகத் தெருவில் என் மாமாவுக்கு இரும்புக் குழாய்க் கடை இருக்கிறது. நான் வேலை செய்வது கம்பனிச் செயலாளர் வேலை பார்க்கும் ஒரு சிறிய கந்தோரில். ஒரு நாள் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, ஹோமாகமவில் ஒரு கம்பனி நாற்பது இலட்சத்துக்குக் குழாய் கேட்கிறது. தொண்ணூறு நாள் தவணை. ஃபக்டரி பெரிசு, லொறி நாலு நிற்குது. குடுக்கலாமா?”

ஃபக்டரியும் லொறியும் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றின் மேல் யாருக்கு உரிமை இருக்கிறது என்பது வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. கம்பனி வங்கியில் கடன் வாங்கும்போது காணி, இயந்திரம், கிடங்குச் சரக்கு, வரவேண்டிய பணம் என்று எதையாவது பிணையாக எழுதிக் கொடுத்திருக்கும். அப்படி ஒரு சொத்தின் மேல் கடன்காரர் பெறும் உரிமையைச் சட்டத்தில் சார்ஜ் என்பார்கள். காணியை ஈடு வைப்பதும் அதில் ஒரு வகை. கம்பனி விழுந்தால் சார்ஜ் வைத்திருப்பவர் அந்தச் சொத்திலிருந்து தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சம் ஏதும் இருந்தால்தான் மாமாவைப் போல வெறும் பில்லுக்குச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு வரும்.

இந்த சார்ஜ்களைப் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்வதால் வெளியாரும் அவற்றைத் தேடிப் பார்க்கலாம். தேடப் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பதிவேடுகள் இரண்டு விதம். ஒன்றில் ஆளின் பெயரைச் சொல்லித் தேட வேண்டும், மற்றதில் பொருளின் அடையாளத்தைச் சொல்லித் தேட வேண்டும். கம்பனிப் பதிவாளரிடம் இருப்பது முதல் விதம்: கம்பனியின் பெயரைச் சொன்னால் அது என்னென்ன சார்ஜ் கொடுத்தது என்று காட்டும். காணிப் பதிவகத்தில் இருப்பது இரண்டாம் விதம்: காணியைச் சொன்னால் அதன் மேல் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும். கம்பனியின் பெயரை மட்டும் சொல்லி அங்கே போனால் வேலை நடக்காது. மாமாவுக்காக நான் முதலில் போனது பதிவாளரிடம்.

கம்பனிப் பதிவாளர் திணைக்களம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில், 400ஆம் இலக்கத்தில் சமாகம் மெதுர என்ற கட்டடத்தில் இருக்கிறது. அதன் இணையத்தளம் eroc.drc.gov.lk. முதல் வேலை கம்பனியின் சரியான பெயரையும் பதிவு இலக்கத்தையும் பிடிப்பது. மாமாவிடம் இருந்தது விசிட்டிங் கார்ட்டில் இருந்த வியாபாரப் பெயர் மட்டும். அதே போன்ற பெயரில் இன்னும் இரண்டு கம்பனிகள் இருந்தன. அதனால் கொள்வனவுக் கட்டளையின் அடியில் இருந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கச் சொன்னேன். PV என்று தொடங்கினால் அது தனியார் கம்பனி, PB என்றால் பொதுக் கம்பனி, PQ என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி.

பழைய கம்பனியென்றால் இன்னொரு கவனம் தேவை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்தபோது, அதற்கு முன் இருந்த கம்பனிகள் மறுபதிவு செய்யப்பட்டுப் புதிய இலக்கம் பெற்றன. அதற்கு முந்திய ஆவணங்களில் N(PVS) போன்ற எழுத்துகளில் தொடங்கும் பழைய இலக்கம் இருக்கும். இடையில் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈட்டு உறுதியில் பழைய பெயர் இருக்கும்.

சார்ஜ் விவரம் வரும் படிவத்தின் இலக்கம் 10. கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்கலாம், பிரதியும் கேட்கலாம். நிறைய வருடக் கோப்பு என்றால் நேரில் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் எனக்கு நம்பிக்கை. படிவத்தில் முக்கியமாக நான்கு விடயங்கள் இருக்கும்: சார்ஜ் உருவான திகதியும் அதை உருவாக்கிய ஆவணமும், எவ்வளவு தொகைக்கு, எந்தச் சொத்தின் மேல், யாருக்கு.

ஹோமாகமக் கம்பனியின் கோப்பில் மூன்று பதிவுகள் இருந்தன. 2014இல் ஒரு வங்கிக்கு, ஃபக்டரிக் காணியின் மேல் 25 மில்லியன் ரூபாய்க்கு ஈடு. 2019இல் இன்னொரு வங்கிக்கு, கிடங்குச் சரக்கின் மேலும் வரவேண்டிய பணத்தின் மேலும் 40 மில்லியன் ரூபாய்க்கு மிதக்கும் சார்ஜ். 2023இல் ஒரு நிதிக் கம்பனிக்கு, இயந்திரங்களின் மேல் 12 மில்லியன் ரூபாய்க்கு ஈடு.

மாமா உடனே கூட்டிப் பார்த்தார். “எழுபத்தேழு மில்லியன் கடனா!”

புதிதாகப் பார்க்கும் எவரும் முதலில் செய்கிற தவறு இது. படிவத்தில் இருக்கும் தொகை, அந்தச் சொத்தை வைத்து எவ்வளவு வரைக்கும் பிணை கொடுக்கப்பட்டது என்பதுதான். இன்று எவ்வளவு பாக்கி என்பதை அது சொல்லாது. 2019ஆம் ஆண்டுச் சார்ஜ் ஓவர்டிராப்ட்டுக்காக இருந்தால் இந்த மாதம் 10 மில்லியன் எடுத்திருப்பார்கள், அடுத்த மாதம் 38 மில்லியனாக இருக்கும். படிவம் அப்படியே இருக்கும். பாக்கியைத் தெரிந்துகொள்ள கம்பனியின் கணக்கறிக்கை வேண்டும். பட்டியலிட்ட கம்பனியென்றால் cse.lk தளத்தில் ஆண்டறிக்கை கிடைக்கும், அதில் பிணை வைத்த சொத்துகள் பற்றித் தனிக் குறிப்பு இருக்கும். தனியார் கம்பனிகள் தங்கள் கணக்கறிக்கையைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே கம்பனியிடமே கேட்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

2014ஆம் ஆண்டுப் பதிவுக்கு வருவோம். கடன் கட்டி முடிந்ததும் அது தீர்ந்துவிட்டது என்று பதிவாளரிடம் அறிவித்தால் கோப்பில் அதுவும் ஏறும். நடைமுறையில் வங்கிக்குப் பணம் கட்டி முடிந்ததும் எல்லோரும் நிம்மதியாகி அந்த ஒரு தாளை மறந்துவிடுவார்கள். எங்கள் கந்தோருக்கு வரும் கோப்புகளில் பல ஆண்டுகளுக்கு முன் தீர்ந்த கடன்கள் இன்னும் உயிரோடு இருப்பதுபோல நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே பதிவு நிற்கிறது என்பதால் கடன் நிற்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. இரண்டாம் பதிவேடு உதவுவது இங்கேதான்.

காணியின் மேல் எழுதிய ஈட்டு உறுதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்திலும் பதிந்திருப்பார். கம்பனி காணியை ஈடு வைத்தால் இரண்டு இடத்திலும் பதிய வேண்டும், ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. படிவத்தோடு இணைந்த ஆவணப் பிரதியின் அட்டவணையில் காணியின் பெயர், நில அளவை வரைபட இலக்கம், துண்டு இலக்கம், பரப்பு, பதிவகத்தின் தொகுதியும் பக்கமும் எல்லாம் இருக்கும். அந்தப் பக்க இலக்கத்தோடு ஹோமாகமக் காணிப் பதிவகத்துக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் இதைத் தோம்பு பார்ப்பது என்பார்கள். ஒல்லாந்தர் வைத்த காணிப் பதிவேட்டின் பெயர் நம் வாயில் இன்றும் நிற்கிறது.

தோம்பில் ஒரு காணிக்கு ஒரு பக்கம். காணி கைமாறியது, ஈடு வைத்தது, மீட்டது எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பக்கம் நிரம்பினால் தொடர்ச்சி எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்று குறித்திருப்பார்கள். கடைசிப் பக்கம் வரைக்கும் போகாமல் திரும்பிவிடக்கூடாது. அதோடு இப்போதைய காணி ஒரு பெரிய காணியிலிருந்து பிரித்த துண்டு என்றால், தாய்க் காணியின் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். பிரிக்குமுன் முழுக் காணிக்கும் எழுதிய ஈடு அங்கே இருக்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பதிந்த அறிவிப்பும் அதே பக்கத்தில்தான் இருக்கும். காணி பிம் சவிய திட்டத்தில், 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உரித்துப் பதிவானது என்றால் இந்தப் பழைய பக்கங்களை விட்டு உரித்துப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

ஹோமாகமவில் 2014ஆம் ஆண்டு ஈட்டுக்குக் கீழே, 2020இல் அதை மீட்டதாக ஒரு பதிவு இருந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. அதாவது காணி விடுபட்டுவிட்டது, பதிவாளரிடம் மட்டும் சொல்ல மறந்திருக்கிறார்கள். கேட்டதும் கம்பனியின் கணக்காளர் வங்கி கொடுத்த கடிதத்தின் பிரதியை அனுப்பினார். மாமாவுக்கு முகம் மலர்ந்தது. அதற்குள் இரண்டாம் பதிவை நான் விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருடைய நாற்பது இலட்சத்தோடு நேரே மோதுவது அதுதான்.

மிதக்கும் சார்ஜ் என்பது குறித்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கிடங்கில் இன்று இருக்கும் சரக்கு நாளை விற்றுப் போகும், நாளை மறுநாள் புதுச் சரக்கு வரும். அப்படி வந்து போகும் சரக்கு முழுவதன் மேலும் அது மிதந்துகொண்டிருக்கிறது. வியாபாரம் நடக்கும் வரைக்கும் கம்பனி தாராளமாக வாங்கலாம், விற்கலாம். கடன் தவறியோ கம்பனி கலைப்புக்குப் போயோ ஒரு நாள் வந்தால், அன்றைக்குக் கிடங்கில் என்ன இருக்கிறதோ அதன் மேல் சார்ஜ் இறங்கி நின்றுவிடும்.

மாமாவிடம் இப்படிச் சொன்னேன். “மாமா, நீங்கள் இறக்கும் குழாய் கம்பனிக்குச் சொந்தமான அந்த நிமிஷமே இந்த வங்கியின் பிணைக்குள் போய்விடும். நீங்கள் காசு வாங்கினீர்களா இல்லையா என்பது வங்கிக்குத் தேவையில்லை.” ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். கம்பனி விழும் நாளில் கிடங்கில் 30 மில்லியன் ரூபாய்ச் சரக்கும், வரவேண்டியது 15 மில்லியனும் புத்தகத்தில் இருப்பதாக வையுங்கள். அவசரத்தில் சரக்கை விற்றால் 18 மில்லியன் வரலாம், வெளியே நிற்கும் பணத்தில் 9 மில்லியன் வசூலாகலாம். மொத்தம் 27. வங்கிக்குப் பாக்கி 35 என்றால் அந்த 27 முழுவதும் அங்கே போய்விடும். மாமாவின் 4 மில்லியனுக்கு அந்தச் சொத்தில் ஒரு சதம் மிஞ்சாது. மேலே விடுபட்ட காணி ஒன்று இருப்பது ஆறுதல்தான். அதை நாளைக்கே திரும்ப ஈடு வைக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு வியாபாரிகள் செய்யும் ஒரு காப்பு உண்டு. பணம் முழுவதும் வரும் வரைக்கும் சரக்கின் உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது. சரக்கின் உரிமை எப்போது கைமாறும் என்பதை வாங்குபவரும் விற்பவரும் தீர்மானிக்கலாம் என்று 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் குழாயை வெட்டி, பொருத்தி, பெயின்ட் அடித்த பிறகு எது மாமாவின் குழாய் என்று காட்ட முடியாது. யாரிடமாவது விற்றுவிட்டாலும் துரத்திப் போவது பெரும்பாடு. வெட்டாமல் அப்படியே அடுக்கி வைத்திருக்கும் சரக்குக்குத்தான் இந்த வரி நன்றாக உதவும். அதையும் சரக்கு இறக்குமுன் கையொப்பத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்து அனுப்பிப் பயனில்லை.

மூன்றாம் பதிவில் திகதிகள் இடித்தன. இயந்திர ஈடு உருவானது 2023 யூலை 10. பதிவாளருக்குப் படிவம் வந்தது செப்டெம்பர் 25. கம்பனிகள் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி சார்ஜ் உருவாகி 21 வேலை நாட்களுக்குள் விவரத்தைப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். பதினொரு வாரம் கழித்து வந்தது மிகத் தாமதம். நேரத்தில் சேர்க்காத சார்ஜ், கலைப்பாளருக்கு எதிராகவும் மற்றக் கடன்காரர்களுக்கு எதிராகவும் செல்லாது. கம்பனிக்கும் நிதிக் கம்பனிக்கும் இடையில் கடன் கடன்தான், அந்தப் பணம் உடனே கட்ட வேண்டியதாகவும் ஆகிவிடும். போகிறது பிணையின் முன்னுரிமை மட்டும். தவறுக்குத் தகுந்த காரணம் இருந்தால் காலத்தை நீடிக்க நீதிமன்றத்திடம் கேட்கலாம். ஆகவே தாமதப் பதிவைக் கண்டால் அதோடு நீதிமன்றக் கட்டளை ஒன்று கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கோப்பில் நான் அப்படி ஒன்றையும் காணவில்லை. இதை வைத்து நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது, வேண்டுமானால் சட்டத்தரணியிடம் கொண்டு போகலாம். மாமாவுக்கு நான் காட்ட விரும்பியது வேறு: ஓவர்டிராப்ட் தரும் வங்கி ஒன்று இருக்கும்போதே கம்பனி ஏன் இயந்திரத்தை நிதிக் கம்பனியிடம் கொண்டு போனது? வங்கி மேலும் கொடுக்க மறுத்ததா? அதைக் கணக்காளரிடம் நேரே கேட்கச் சொன்னேன். புதிய வெல்டிங் இயந்திரம் வாங்க எடுத்த கடன் என்றும், அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டலாம் என்றும் சொன்னார்.

அந்த 21 வேலை நாளுக்கு இன்னொரு பக்கம் உண்டு, தேடுபவரைச் சறுக்க வைப்பது அதுதான். சனி, ஞாயிறு, போயா, ஏப்ரலில் புத்தாண்டு எல்லாவற்றையும் கழித்தால் 21 வேலை நாள் ஒரு மாதத்துக்கு மேலே போய்விடும். கம்பனி நேற்று ஒரு சார்ஜ் எழுதிக் கொடுத்திருந்தால், சட்டப்படியே இன்று கோப்பில் அது இருக்காது. ஆகவே இன்று கோப்பு சுத்தமாக இருக்கிறது என்றால், சுமார் ஒரு மாதத்துக்கு முன்பு வரைக்கும் சுத்தமாக இருந்தது என்று மட்டும்தான் பொருள். இடைவெளியை அடைக்கப் பணிப்பாளரிடம், வேறு சார்ஜ் எதுவும் கொடுக்கவில்லை என்று கையொப்பமிட்ட கடிதம் வாங்கலாம். பிறகு ஐந்து வாரம் கழித்து அதே கோப்பை மறுபடி திறக்கலாம்.

மாமாவின் லொறிக் கேள்வி மிச்சமாக இருந்தது. வாசலில் நின்ற நாலு லொறியும் பதிவாளரின் கோப்பில் எங்கும் இல்லை. காரணம் எளிது: லீசிங்கில் எடுத்த வண்டி கம்பனியின் சொத்தே இல்லை, லீசிங் நிறுவனத்தின் சொத்து. கம்பனி தன் சொத்தின் மேல் கொடுத்தால்தான் அது சார்ஜ். வண்டியைப் பொருளின் பதிவேட்டில், அதாவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் பார்க்க வேண்டும். அங்கே முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் வண்டி இன்னும் அவர்களுடையது. மாமா கேட்டுப் பார்த்ததில் மூன்று லொறியில் அப்படித்தான் இருந்தது.

கிரிப்பில் பார்த்தால் எல்லாம் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். அதன் கடன் அறிக்கை பொது ஆவணம் அல்ல, வெளியார் யாரும் போய் எடுக்க முடியாது. கம்பனி தன்னுடையதைத் தானே எடுத்துக் காட்டலாம், நீங்கள் கேட்கலாம். அதே பணியகம் 2009ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அசையும் சொத்துப் பிணைகளுக்கான பதிவேடு ஒன்றையும் நடத்தத் தொடங்கியது, அது வேறு. பணிப்பாளர்கள் தங்கள் பெயரில் கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதமும், அவர்களின் சொந்த வீட்டின் மேல் வைத்த ஈடும் கம்பனிக் கோப்பில் வராது. வீட்டின் தோம்பைப் பார்த்தால்தான் வரும்.

மாமா முழு நாற்பது இலட்சத்தையும் கொடுக்கவில்லை. முதல் லோடு பன்னிரண்டு இலட்சம், பாதி முன்பணம், மீதிக்கு முப்பது நாள் என்று பேசினார். உரிமை கைமாறும் விதி பற்றிய வரியை ஒப்பந்தத்தில் எழுதிப் பணிப்பாளர் இருவரிடமும் கையொப்பம் வாங்கினார். 2014ஆம் ஆண்டு ஈடு தீர்ந்ததைப் பதிவாளரிடம் அறிவிக்கச் சொல்லிக் கணக்காளருக்கு நான் ஒரு குறிப்பு அனுப்பினேன், அடுத்த முறை யாராவது தேடினால் பயப்படாமல் இருப்பார்கள். ஐந்து வாரத்துக்குப் பின் சமாகம் மெதுரவில் மறுபடி கோப்பை வாங்கிப் பார்த்தபோது புதிய சார்ஜ் எதுவும் இல்லை. 2014ஆம் ஆண்டு ஈடு தீர்ந்த அறிவிப்பு ஏறியிருந்தது. அன்று மாலை மாமா இரண்டாம் லோடை ஏற்றினார்.